புது வீட்டு ஒயரிங்: 3/20 என்கிறார் பணியாள், 2.5 என்கிறது கடை. எதை வாங்குவது?

கரூர்_வாசகி
வணக்கம். கரூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே 1,100 சதுர அடி, மாடியில் 700. பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. சுவரில் பைப் பதிக்கக் காடி வெட்டும் வேலை நடக்கிறது. ஒயரிங் செய்பவர் நேற்று ஒரு பட்டியல் கொடுத்தார். விளக்குக்கு 1/18, பிளக்குக்கும் கீசருக்கும் ஏ.சி.க்கும் 3/20, மீட்டரிலிருந்து உள்ளே வர அலுமினியம் 16 என்று எழுதியிருக்கிறார். கடைக்குப் போனால் 1/18 என்றோ 3/20 என்றோ பெட்டியில் எதுவும் இல்லை. 1, 1.5, 2.5, 4 என்று சதுர மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. 3/20 கேட்டதற்கு ஒரு கடையில் 1.5 எடுத்து வைத்தார்கள், அடுத்த கடையில் 2.5. போதாக்குறைக்கு ஒயரின் உறையில் எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்., ஹெச்.எஃப்.எஃப்.ஆர். என்று மூன்று விலை. எல்லாம் முடிந்து பூசிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது என்பதுதான் என் பயம்.

மாடியில் இரண்டு படுக்கையறைகள், இரண்டிலும் 1.5 டன் ஏ.சி., பொதுக் குளியலறையில் 3 கிலோவாட் உடனடிக் கீசர். மூன்றுக்குமான ஒயர்களும் கீழே உள்ள டி.பி. பெட்டியிலிருந்து ஒரே 25 மி.மீ. பைப்பில் மேலே போவதாகத் திட்டம்.

கணக்குப்புலி
இதில் குழப்பமே இல்லை. 3 கிலோவாட் என்றால் 3000 ÷ 230, அதாவது 13 ஆம்பியர். 1.5 டன் ஏ.சி. அதிகபட்சம் 9 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் பைப்புக்குள் 24 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணையில் இருக்கிறது. மூன்றுக்கும் 2.5 போட்டு, 20 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால் போதும். 4 சதுர மி.மீ. வாங்கச் சொல்பவர்கள் கடைக்காரருக்காகப் பேசுகிறார்கள்.

மின்பணி_ஈரோடு
சகோதரி, முதலில் அந்த 3/20 என்பதைப் பார்ப்போம். 20 கேஜ் கம்பி மூன்றை முறுக்கியது என்று பொருள். 20 கேஜ் என்றால் கம்பியின் விட்டம் 0.914 மி.மீ. மூன்று கம்பிகளின் பரப்பைக் கூட்டினால் 1.97 சதுர மி.மீ. வருகிறது. அது 1.5-ம் இல்லை, 2.5-ம் இல்லை. அதனால்தான் ஒரு கடைக்காரர் கீழே இறங்கினார், இன்னொருவர் மேலே ஏறினார். அதேபோல 1/18 என்பது 1.17 வரும், 7/20 என்பது 4.6 வரும். எங்கள் தலைமுறை அந்தக் கணக்கில்தான் தொழில் கற்றது. உங்கள் பணியாளர் மேல் தவறு இல்லை. ஆனால் பட்டியலைச் சதுர மில்லிமீட்டரில் மாற்றி எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கணக்குப்புலி சொன்ன 24 ஆம்பியர். அந்த எண் சரியானதுதான். ஆனால் அது 30 டிகிரி வெப்பத்தில், ஒரு பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் போகும்போது உள்ள எண். கரூரில் மே மாதம் சுவருக்குள் 40 டிகிரி என்று வையுங்கள். அதற்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும். 24 என்பது 20.9 ஆகிறது. ஒரே பைப்பில் மூன்று சர்க்யூட் சேர்ந்து போனால் ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கும். அதற்கு மேலும் 0.7-ஆல் பெருக்க வேண்டும். இப்போது கிடைப்பது 14.6 ஆம்பியர்.

கீசரின் 13 அதற்குள் அடங்கிவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அடங்குகிறது. சிக்கல் எம்.சி.பி.யில்தான். 14.6 மட்டுமே தாங்கும் ஒயருக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால், நடுவில் 18 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடினாலும் அது விழாது. ஒயர் வெந்துகொண்டே இருக்கும். எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அல்ல, ஒயரை.

கணக்குப்புலி
மூன்றும் ஒரே நேரத்தில் முழு அளவில் ஓடினால்தானே 0.7 வரும்? உடனடிக் கீசர் காலையில் பத்து நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் ஏ.சி. அணைந்திருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி. அறை குளிர்ந்த பிறகு 3 அல்லது 4 ஆம்பியரில் ஓடும். புத்தகக் கணக்கை வீட்டுக்குள் அப்படியே கொண்டுவரக் கூடாது.

மின்பணி_ஈரோடு
கீசரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பத்து நிமிடத்தில் பைப் சூடேறி முடியாது. அந்த வீட்டில் இன்று ஓடும் சுமைக்கு 2.5 எரிந்துபோகாது என்பதும் உண்மை. ஆனால் நாளை அந்தக் கீசரை எடுத்துவிட்டு இன்னொரு ஏ.சி. மாட்டுவார்கள், அல்லது அந்த பிளக்கில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகுவார்கள். பூசிய சுவருக்குள் இருக்கும் ஒயர் 25 ஆண்டு அங்கேயே இருக்கப்போகிறது. நான் ஒயரைத் தேர்வது அதற்காக.

இன்னொன்று. நான் உடனே 4 சதுர மி.மீ.க்குப் போகச் சொல்லவில்லை. காடி இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சகோதரி எழுதியிருக்கிறார். இரண்டாவது பைப் ஒன்றை இறக்கினால் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒரு பைப்பில் இரண்டு ஏ.சி. சர்க்யூட், இன்னொன்றில் கீசர் மட்டும். இரண்டு சர்க்யூட் உள்ள பைப்புக்குப் பெருக்கும் எண் 0.8. 20.9-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 16.7. அதே 2.5 ஒயருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. இப்போது பொருந்துகிறது. கீசர் தனி பைப்பில் போவதால் அதற்கு 20.9 அப்படியே இருக்கிறது. ஒரு பைப்பின் விலை என்ன, இரண்டு காயில் 4 சதுர மி.மீ. ஒயரின் விலை என்ன! ஒயர் அளவைத் தீர்மானிப்பதில் பாதி வேலை பைப் போடும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்.

பைப் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால் 4 போடுங்கள். 32-ஐ 0.87-ஆலும் 0.7-ஆலும் பெருக்கினால் 19.5 வருகிறது. அதற்கும் 16 எம்.சி.பி. வையுங்கள்.

தோப்பு_வீடு
என் கேள்வியும் ஒயர் அளவு பற்றியதுதான். வீட்டிலிருந்து கிணறு 60 மீட்டர். 1 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார். 1.5 செம்பு ஒயர் போட்டிருக்கிறேன். காலையில் உடனே எடுக்கிறது, மாலையில் உறுமிக்கொண்டே நிற்கிறது. மோட்டாரை இரண்டு முறை வைண்டிங் கட்டிவிட்டேன். அலுமினியம் ஒயர் போட்டால் சரியாகுமா?

கரூர்_வாசகி
ஐயா, என் கேள்வி வீட்டுக்குள் உள்ள ஒயரிங் பற்றியது. ஆனாலும் இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள், எங்களுக்கும் கிணறு இருக்கிறது.

மின்பணி_ஈரோடு
தோப்பு வீட்டுக்காரரே, உங்கள் மோட்டாரில் குற்றம் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் பிரச்சினை சூடு அல்ல, தூரம். 1.5 செம்பு ஒயரில் ஓர் ஆம்பியருக்கு, ஒரு மீட்டர் தூரத்துக்கு, போக வரச் சேர்த்து 29 மில்லிவோல்ட் இழப்பு. ஓடும்போது 7 ஆம்பியர் என்றால் 60 மீட்டரில் 12 வோல்ட் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு, சுமார் 35 ஆம்பியர் இழுக்கும். அப்போது இழப்பு ஏறக்குறைய 60 வோல்ட். காலையில் 235 வருகிறது, 60 போனாலும் 175 மிஞ்சுகிறது, கிளம்பிவிடுகிறது. மாலையில் 205 வந்தால் மிஞ்சுவது 145. உறுமத்தான் செய்யும். உறுமி நிற்கும்போது அதே 35 ஆம்பியர் தொடர்ந்து ஓடுவதால் வைண்டிங் கருகுகிறது.

4 சதுர மி.மீ. செம்பு போட்டால் கிளம்பும்போது இழப்பு 23 வோல்ட்தான். அலுமினியம் போடலாமா என்றால், வெளியில் நீளமாக ஓடும் இந்த மாதிரி இடத்தில் போடலாம். ஆனால் 6 சதுர மி.மீ. அலுமினியம்தான் 4 செம்புக்கு ஈடு. இரண்டு முனையிலும் ஸ்டார்ட்டரில் லக் போட்டுத்தான் கட்ட வேண்டும்.

பழைய_குடியிருப்பு
அலுமினியம் என்றதும் எழுதத் தோன்றியது. என் சிறுவயது முழுக்க 1970-களில் கட்டிய ஒரு குடியிருப்பில் கழிந்தது. மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடும். எல்லாம் அலுமினியம். அம்மா அயர்ன் பாக்ஸ் போட்டால் சற்று நேரத்தில் பிளக் போர்டிலிருந்து மீன் வாடை போல ஒரு வாடை வரும். அப்பா மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றுவார். திருகு விரலாலேயே திரும்பும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். கம்பியின் நுனி நசுங்கித் தட்டையாகி, சாம்பல் நிறத்தில் பூத்திருக்கும். நுனியிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ரப்பர் உறை கறுத்து, தொட்டால் பிஸ்கட் போல உதிரும். அப்பா நுனியை வெட்டி, புதிதாகச் சீவி மறுபடி முறுக்குவார். ஒவ்வொரு தடவையும் ஒயர் அரை அங்குலம் குறையும். ஒருநாள் எட்டாமலே போய்விட்டது. புது வீட்டுக்கு அலுமினியம் என்று எந்தப் பட்டியலில் பார்த்தாலும் எனக்கு அந்த வாடை வருகிறது.

கணக்குப்புலி
அது அந்தக் காலம். மின்கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரே அலுமினியம்தானே? ஊர் முழுக்க அலுமினியத்தில் ஓடும்போது வீட்டுக்குள் மட்டும் ஏன் கூடாது? அளவை ஒரு படி கூட்டினால் மின்தடை சமமாகிவிடுகிறது.

மின்பணி_ஈரோடு
மின்தடை சமமாகும் என்பது சரி. 10 செம்புக்கு 16 அலுமினியம் கிட்டத்தட்ட சமம். ஆனால் ஒயரின் நடுவில் யாருக்கும் பிரச்சினை வந்ததில்லை. நுனியில்தான் வருகிறது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை இரண்டே இரண்டு முனைகள். ஒரு வீட்டுக்குள் ஸ்விட்ச், பிளக், ஹோல்டர் என்று எண்ணினால் முனைகள் நூறைத் தாண்டும்.

பழைய குடியிருப்புக்காரர் கண்ணால் பார்த்ததன் காரணம் இதுதான். அலுமினியம் மென்மையானது. பித்தளைத் திருகு அழுத்த அழுத்த மெல்ல விலகிக்கொடுக்கும். சூடாகும்போது செம்பைவிட அதிகமாக விரியும், ஆறும்போது சுருங்கும். திருகின் பிடி தளரும். வெட்டிய நொடியிலேயே அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஒரு படலம் உருவாகிறது. பிடி தளர்ந்த இடத்தில் அந்தப் படலம் புகுந்துகொள்ளும். அந்த முனையில் வெறும் 0.2 ஓம் தடை உண்டானாலும், 10 ஆம்பியர் ஓடும்போது 20 வாட் சூடு. சோல்டரிங் அயர்ன் 25 வாட். மிளகளவு இடத்தில் ஒரு சோல்டரிங் அயர்னை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம் அது. எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஓடுவது 10 ஆம்பியர்தான்.

அதனால் சகோதரி, மீட்டரிலிருந்து டி.பி. வரை அவர் சொன்ன 16 அலுமினியக் கேபிளை நான் தடுக்க மாட்டேன். முனையில் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக்கை, அளவுக்கேற்ற கிரிம்ப் கருவியால் நசுக்கிப் போட வேண்டும். சுத்தியலால் தட்டிப் பொருத்தினால் வாங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை மெயினை அணைத்துத் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். டி.பி.க்குப் பிறகு எல்லாம் செம்பு.

தோஹா_மின்னன்
உறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கே நாங்கள் வேலை செய்யும் பெரிய கட்டடங்களில் புகை குறைவான, ஹாலஜன் இல்லாத உறைதான் கேட்கிறார்கள். ஊரில் அதையே ஹெச்.எஃப்.எஃப்.ஆர். என்கிறார்கள். சாதாரண பி.வி.சி. எரிந்தால் வரும் புகை தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும். தீயில் மனிதர் சாவது பெரும்பாலும் புகையால்தான். வீட்டுக்கு அதைவிடக் குறைவாக எதையும் வாங்காதீர்கள்.

கணக்குப்புலி
எஃப்.ஆர். என்று போட்டிருந்தாலே தீப்பிடிக்காது. அது போதும். இன்னொரு யோசனை: 85 டிகிரி தாங்கும் ஹெச்.ஆர். உறை வாங்கினால் ஒரு படி மெல்லிய ஒயரே போதும், காசும் மிச்சம்.

மின்பணி_ஈரோடு
இரண்டும் ஆபத்தான புரிதல். எஃப்.ஆர். உறையும் எரியும். வெளித் தீயை விலக்கினால் தானே அணையும், ஒயர் நெடுகப் பரவாது, அவ்வளவுதான் அதன் பொருள். எரிகிறவரை கரும்புகையும் அமில வாயுவும் வரும். எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் அந்தப் புகைக்கும் வாயுவுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஹெச்.எஃப்.எஃப்.ஆர். உறையில் அமில வாயு மிக மிகக் குறைவு.

85 டிகிரி உறையைப் பொறுத்தவரை, ஒயர் தாங்கலாம். ஆனால் அது போய்ச் சேரும் ஸ்விட்சும் எம்.சி.பி.யும் 85 டிகிரி ஒயரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இழப்பும் கூடும். நல்ல உறையைக் கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஒயரை மெலிய வைக்கக் காரணமாக்காதீர்கள்.

தோஹா நண்பரோடு நான் முழுதாக உடன்படவில்லை. சுவருக்குள் பூசி மூடிய பைப்பில் ஓடும் ஒயருக்கு எஃப்.ஆர்.எல்.எஸ். போதும் என்பது என் கருத்து. அந்த பைப்பே பி.வி.சி.தான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும், மாடிப்படி ஓரமாகவும் ஓடும் ஒயருக்கு மட்டும் ஹெச்.எஃப்.எஃப்.ஆர். போடச் சொல்வேன். தீ என்றால் வெளியே ஓடும் வழி அது.

தோஹா_மின்னன்
மாடிப்படிக்குப் போடும்போது படுக்கையறைக்கு ஏன் கூடாது ஐயா? குழந்தைகள் தூங்குவது அங்கேதான். விலை வித்தியாசம் மொத்த வீட்டுச் செலவில் ஒரு டைல்ஸ் பெட்டிக் கணக்கு. என் வீட்டுக்கு முழுக்க அதைத்தான் போட்டேன்.

கரூர்_வாசகி
இன்று மறுபடி கடைக்குப் போனேன். மூன்றாவது கடை ஒன்றில் 2.5 சதுர மி.மீ. 90 மீட்டர் காயில் மற்ற கடைகளின் விலையில் பாதிக்கும் சற்று மேல். செம்புதான் என்றார்கள். நுனியைச் சீவிக் காட்டினார்கள், செம்பு நிறமாகத்தான் இருந்தது. வாங்கலாமா?

மின்பணி_ஈரோடு
அம்மா, தயவுசெய்து பொறுங்கள். அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு உண்டு. மேலே செம்பு, உள்ளே அலுமினியம். பழைய குடியிருப்பில் நடந்ததெல்லாம் அதிலும் நடக்கும், செம்பு விலையில் பாதி கொடுத்து.

எளிதான சோதனை தராசு. 2.5 சதுர மி.மீ. 90 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே சுமார் 2 கிலோ. உறையோடு சேர்த்து 3 கிலோவை ஒட்டி வர வேண்டும். முலாம் பூசியது என்றால் 2 கிலோவைத் தொடாது. அடுத்து, ஓர் இழையை எடுத்து பிளேடால் நீளவாக்கில் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு, வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அது நல்லதுதான். உறையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும்.

கரூர்_வாசகி
பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். அந்தக் காயில் 1 கிலோ 700 கிராம். முதல் கடையில் பார்த்த காயில் 2 கிலோ 900. சுரண்டவே தேவைப்படவில்லை, இருந்தாலும் சுரண்டினேன். பென்சில் சீவியதுபோல மேல்தோல் போய், உள்ளே பளீரென்று வெள்ளை. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கணக்குப்புலி
1,700 கிராம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒயர் அளவு பற்றி என் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் 20 ஆம்பியர் எம்.சி.பி. என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 16 வையுங்கள். விளக்குகளுக்கு 1 சதுர மி.மீ. போதும் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா? எல்லாம் எல்.இ.டி., மொத்தமே 2 ஆம்பியர் வராது.

மின்பணி_ஈரோடு
விளக்குக்கு மட்டும் என்றால் 1 போதும், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் அதே ஸ்விட்ச் போர்டில் ஒரு 6 ஆம்பியர் பிளக்கும் இருக்கும், அதில் யாராவது அயர்ன் பாக்ஸ் செருகுவார்கள். அதனால் போர்டுவரை 1.5, அங்கிருந்து விளக்குக்கு 1. எம்.சி.பி. 10-க்கு மேல் வேண்டாம்.

கரூர்_வாசகி
பணியாளரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். போர்டுவரை 1.5, விளக்குக்கு 1, ஏ.சி.க்கும் கீசருக்கும் 2.5, எல்லாம் செம்பு. மீட்டரிலிருந்து 16 அலுமினியக் கேபிள், லக்கோடு. கீசருக்கு இன்னொரு பைப் என்றதும் அவர் முதலில் தயங்கினார், தளத்தில் ஒரே துளைதான் விட்டிருக்கிறது என்று. பிறகு குளியலறையின் வெளிச்சுவர் வழியாகத் தனியாக ஏற்றலாம் என்று அவரே வழி கண்டுபிடித்தார். நாளை அந்தச் சுவரில் காடி வெட்டுகிறார்கள். உறை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நான் எஃப்.ஆர்.எல்.எஸ். என்கிறேன், என் கணவர் தோஹா அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம். அந்த வெளிச்சுவர் மேற்குப் பார்த்தது. பிற்பகல் முழுக்க வெயில் அடிக்கும். பரவாயில்லையா?

மின்பணி_ஈரோடு
அந்தச் சுவருக்கு 50 டிகிரி என்றே கணக்கு வைப்போம். அப்போது பெருக்கும் எண் 0.71. 24-ஐப் பெருக்கினால் 17. தனி பைப் என்பதால் மேலும் குறையாது. 13 ஆம்பியர் கீசர், 16 ஆம்பியர் எம்.சி.பி., சரியாக இருக்கிறது. அந்த பைப்பில் பிற்காலத்தில் வேறு எந்த ஒயரையும் இழுக்க விடாதீர்கள்.

தோப்பு_வீடு
நேற்று மாலை மீட்டரில் 206 வோல்ட். மோட்டார் ஸ்டார்ட்டரில் பார்த்தால், கிளம்பும்போது 150-க்குக் கீழே இறங்குகிறது. 4 செம்பு வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பள்ளம் தோண்டுகிறோம். காயிலை எடை போட்டுத்தான் வாங்கினேன்.